ஒர்க்‌ஷீட்டில் செலவு முறைக்கு 1,775, வருமான முறைக்கு 1,750: எங்கே பிசகு?

கேள்வி: எக்கனாமிக்ஸ் ஒர்க்‌ஷீட் போட்டோ இணைத்திருக்கிறேன். ஒரே அட்டவணையை வைத்து நாட்டு வருமானத்தைச் செலவு முறையிலும் வருமான முறையிலும் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். எனக்குச் செலவு முறையில் 1,775, வருமான முறையில் 1,750 வருகிறது. விடை 1,680 என்று போட்டிருக்கிறது. கடைசி வரியில் கலப்பு வருமானம் 230-ஆ 280-ஆ என்றும் தெரியவில்லை, நான் 280 என்று எடுத்தேன். எங்கே தப்பு செய்தேன்?

பதில்:

1,680 சரியான விடைதான். கலப்பு வருமானம் 280 என்று நீங்கள் எடுத்ததும் சரி. செலவு முறையில் ஒரே ஒரு தப்பு: இறுதிச் சரக்கிருப்பைக் கூட்டிவிட்டு, தொடக்கச் சரக்கிருப்பான 95-ஐக் கழிக்காமல் விட்டிருக்கிறீர்கள். வருமான முறையில் இரண்டு தப்பு: பணியாளர்களின் பங்களிப்பு 50-ஐக் கூட்டியிருக்கிறீர்கள், வெளிநாட்டிலிருந்து வரும் நிகர காரணி வருமானத்தை, அதாவது மைனஸ் 20-ஐ, சேர்க்கவே இல்லை. 1,775-லிருந்து 95 போனால் 1,680. 1,750-லிருந்து 50-ம் 20-ம் போனாலும் 1,680.

இந்த இடங்களில் ஏன் தப்பு நேர்கிறது, அடுத்த அட்டவணையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் மீதி.

முதலில் படத்தைப் படிப்பது

போட்டோவைப் பார்த்தபடியே நேரடியாகக் கணக்குப் போட வேண்டாம். முதலில் அட்டவணையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் இருப்பது இது. எல்லாம் கோடியில்.

| எண் | விவரம் | தொகை |
|---|---|---|
| 1 | தனியார் இறுதி நுகர்வுச் செலவு | 1,210 |
| 2 | சம்பளமும் கூலியும் | 780 |
| 3 | இறுதிச் சரக்கிருப்பு | 130 |
| 4 | வாடகை | 120 |
| 5 | மறைமுக வரி | 200 |
| 6 | அரசின் இறுதி நுகர்வுச் செலவு | 350 |
| 7 | சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு முதலாளிகளின் பங்களிப்பு | 70 |
| 8 | சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பணியாளர்களின் பங்களிப்பு | 50 |
| 9 | வட்டி | 150 |
| 10 | மொத்த உள்நாட்டு நிலை மூலதன ஆக்கம் | 400 |
| 11 | தேய்மானம் | 110 |
| 12 | தொடக்கச் சரக்கிருப்பு | 95 |
| 13 | லாபம் | 300 |
| 14 | பங்காதாயம் | 130 |
| 15 | ஏற்றுமதி | 180 |
| 16 | நிறுவன லாப வரி | 80 |
| 17 | இறக்குமதி | 225 |
| 18 | மானியம் | 60 |
| 19 | பகிர்ந்தளிக்காத லாபம் | 90 |
| 20 | வெளிநாட்டிலிருந்து நிகர காரணி வருமானம் | (–) 20 |
| 21 | மாற்றுச் செலுத்தல்கள் | 55 |
| 22 | தேசியக் கடன் மீதான வட்டி | 30 |
| 23 | பழைய வீடு விற்ற தொகை | 65 |
| 24 | சுயதொழில் செய்வோரின் கலப்பு வருமானம் | 2?0 |

படத்திலிருந்து எழுதும்போது மூன்று இடங்களில் கண் ஏமாறும். ஒன்று, 20-ஆம் வரியின் மைனஸ் குறி. அடைப்புக்குள் இருக்கும் சின்னக் கோடு மங்கலான படத்தில் தூசி போலத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. எண்ணைச் சுற்றியோ அதற்கு முன்னாலோ அடைப்பு இருந்தாலே அங்கே ஒரு கழித்தல் குறி இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எந்தக் காரணமும் இல்லாமல் அட்டவணையில் அடைப்புக்குறி போட மாட்டார்கள்.

இரண்டு, நீளமான வரிகள். 7-ம் 8-ம் இரண்டிரண்டு வரியாக மடிந்து அச்சாகியிருக்கின்றன. படம் சற்றுச் சாய்ந்திருந்தால் 70-ம் 50-ம் இடம் மாறிப் படிக்கப்படும். அப்படி மாறினால் வருமானப் பக்கம் 20 குறையும். நிகர காரணி வருமானமும் 20 என்பதால் அங்கேதான் ஏதோ தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்று, 10-ஆம் வரியில் உள்ள ‘நிலை’ என்ற இரண்டெழுத்துச் சொல். அது இருப்பதும் இல்லாததும் முழுக் கணக்கையே மாற்றும். கீழே வருகிறேன்.

கேட்பது எது?

‘நாட்டு வருமானம்’ என்று மட்டும் கேட்டால் பாடப்புத்தக வழக்கில் அதன் பொருள் காரணிச் செலவில் நிகர தேசிய உற்பத்தி. இதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. ‘நிகர’ என்பதால் தேய்மானம் கழிந்திருக்க வேண்டும். ‘காரணிச் செலவில்’ என்பதால் மறைமுக வரி போய் மானியம் சேர்ந்திருக்க வேண்டும். ‘தேசிய’ என்பதால் வெளிநாட்டிலிருந்து வரும் நிகர காரணி வருமானம் சேர்ந்திருக்க வேண்டும். எந்த முறையில் ஆரம்பித்தாலும் இந்த மூன்றும் நிறைவேறிய இடத்தில்தான் போய் முடிய வேண்டும்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. செலவு முறையின் கூட்டுத்தொகை சந்தை விலையில் மொத்த உள்நாட்டு உற்பத்தி. அங்கிருந்து மூன்று படி இறங்க வேண்டும். வருமான முறையின் கூட்டுத்தொகை காரணிச் செலவில் நிகர உள்நாட்டு உற்பத்தி. மூன்றில் இரண்டு படி ஏற்கெனவே இறங்கியாகிவிட்டது, ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றைத்தான் நீங்கள் மறந்திருக்கிறீர்கள். செலவு முறையில் படிப்படியாக எழுதியதால் கடைசிப் படியும் நினைவுக்கு வந்தது. வருமான முறையில் கூட்டி முடித்ததும் வேலை முடிந்தது போலத் தோன்றும். பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது.

(ஐ.நா.வின் 1993-ஆம் ஆண்டு தேசியக் கணக்கு வழிகாட்டி முதலே காரணிச் செலவு என்ற அளவு பின்னுக்குப் போய், அடிப்படை விலை முன்னுக்கு வந்துவிட்டது. ஒர்க்‌ஷீட்டுகள் இன்னும் பழைய வழக்கிலேயே கேட்கின்றன. உங்கள் தாளும் அப்படித்தான், அதன்படியே போடுவோம்.)

செலவு முறை

ஒரு நாட்டுக்குள் இந்த ஆண்டில் உற்பத்தியான இறுதிப் பொருள்களை யார் வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. குடும்பங்கள் 1,210, அரசு 350, இயந்திரம், கட்டடம் போன்ற நிலைச் சொத்துகளுக்காக உற்பத்தியாளர்கள் 400. இதுவரை சிக்கல் இல்லை.

அடுத்து சரக்கிருப்பு. நீங்கள் 130-ஐ அப்படியே கூட்டியிருக்கிறீர்கள். ஆண்டின் கடைசியில் கிடங்கில் 130 கோடிக்குச் சரக்கு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஆண்டு தொடங்கியபோதே அங்கே 95 கோடிக்குச் சரக்கு இருந்தது. அது போன ஆண்டு உற்பத்தி. போன ஆண்டுக் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அந்தப் பழைய சரக்கு இந்த ஆண்டு விற்றுப்போயிருந்தால், குடும்பங்களின் 1,210-லோ வேறு செலவிலோ கலந்திருக்கும். விற்காமல் கிடந்தால் 130-க்குள்ளேயே இருக்கும். எப்படியிருந்தாலும் 95 கோடி போன ஆண்டுச் சரக்கு உங்கள் கூட்டலுக்குள் எங்கோ இருக்கிறது. அதை வெளியே எடுக்கத்தான் தொடக்க இருப்பைக் கழிக்கிறோம். ஆகவே சேர வேண்டியது மாற்றம் மட்டும்: 130 – 95 = 35.

இங்கேதான் ‘நிலை’ என்ற சொல் முக்கியமாகிறது. தாளில் ‘மொத்த உள்நாட்டு நிலை மூலதன ஆக்கம்’ என்று இருந்தால் அதில் சரக்கிருப்பு மாற்றம் சேரவில்லை. தனியாகக் கூட்ட வேண்டும். ‘மொத்த உள்நாட்டு மூலதன ஆக்கம்’ என்று மட்டும் இருந்தால் சரக்கிருப்பு மாற்றம் உள்ளேயே அடங்கிவிட்டது. மறுபடி கூட்டினால் இரட்டிப்பாகும். வேண்டுமென்றே இரண்டாவது வகையைக் கொடுத்து, கூடவே தொடக்க, இறுதி இருப்பையும் கொடுத்து ஏமாற்றும் தாள்கள் உண்டு. உங்கள் படத்தில் ‘நிலை’ தெளிவாகவே தெரிகிறது, அதனால் 35 சேர்கிறது.

ஏற்றுமதி 180, இறக்குமதி 225. நிகர ஏற்றுமதி மைனஸ் 45. இறக்குமதியைக் கழிப்பதால் அது நாட்டுக்கு நட்டம் என்று பொருளில்லை. குடும்பங்கள், அரசு, உற்பத்தியாளர்கள் செய்த செலவுக்குள்ளேயே வெளிநாட்டுப் பொருளும் கலந்திருக்கிறது. அது இந்த நாட்டு உற்பத்தி அல்ல என்பதால் கடைசியில் ஒரே கழித்தலில் வெளியேற்றுகிறோம்.

பழைய வீடு விற்ற 65-ஐத் தொடவே கூடாது. வீடு கட்டிய ஆண்டிலேயே கணக்கில் வந்துவிட்டது, இப்போது உரிமைதான் கை மாறுகிறது. விற்பனைக்குத் தரகர் வாங்கிய கமிஷன் தனி வரியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அது இந்த ஆண்டின் சேவை என்பதால் கணக்கில் வரும். இந்தத் தாளில் அப்படி ஒரு வரி இல்லை.

இப்போது கூட்டினால்:

```
1,210 + 350 + 400 + 35 + (180 – 225) = 1,950   சந்தை விலையில் மொத்த உள்நாட்டு உற்பத்தி
1,950 – 110 (தேய்மானம்)              = 1,840   சந்தை விலையில் நிகர உள்நாட்டு உற்பத்தி
1,840 – (200 – 60)                   = 1,700   காரணிச் செலவில் நிகர உள்நாட்டு உற்பத்தி
1,700 + (–20)                        = 1,680   காரணிச் செலவில் நிகர தேசிய உற்பத்தி
```

மூன்றாவது வரியில் அடைப்புக்குறி போட்டே எழுதுங்கள். மறைமுக வரி விலையை ஏற்றிவிடுகிறது, அதனால் கழிக்கிறோம். மானியம் விலையைக் குறைத்துவிடுகிறது, அதனால் திரும்பச் சேர்க்கிறோம். அடைப்பு இல்லாமல் 200-ஐயும் 60-ஐயும் வரிசையாகக் கழித்துவிட்டால் 120 குறையும். நான்காவது வரியில் ‘+ (–20)’ என்று எழுதுவதற்கும் காரணம் உண்டு. சூத்திரத்தில் எப்போதும் கூட்டல்தான். குறி எண்ணோடு வருகிறது. ‘இதைக் கூட்டுவதா கழிப்பதா’ என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க ஆரம்பித்தால் ஒருநாள் மாற்றிப் போட்டுவிடுவோம். சில தாள்களில் இதே வரி ‘வெளிநாட்டுக்குச் செலுத்திய நிகர காரணி வருமானம் 20’ என்று வரும். மைனஸ் இல்லை, ஆனால் திசை மாறிவிட்டது. அதுவும் நமக்கு மைனஸ் 20-தான்.

வருமான முறை

அதே உற்பத்தியில் பங்கேற்றவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது இங்கே கேள்வி. உழைத்தவர்களுக்கான ஊதியம், வாடகை, வட்டி, லாபம், இவற்றோடு சுயதொழில் செய்வோரின் கலப்பு வருமானம். ஐந்தே தலைப்பு. ஆனால் தாளில் வருமானம் போலத் தோன்றும் வரிகள் அதைவிட அதிகமாக இருக்கின்றன. வேலை முழுக்க எதை விடுவது என்பதில்தான்.

ஊதியத்தில் ஆரம்பிப்போம். ஒரு பணியாளருக்காக முதலாளி செய்யும் மொத்தச் செலவுதான் நமக்கு வேண்டும். சம்பளமும் கூலியும் 780. அதற்கு மேல் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு முதலாளி தன் பங்காகக் கட்டும் 70. ஆக 850. பணியாளர் கட்டும் 50 எங்கிருந்து வருகிறது? அவருடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது. சம்பளப் பட்டியலில் மொத்தச் சம்பளம் என்று ஒரு வரி, பிடித்தம் என்று ஒரு வரி, கையில் கிடைப்பது என்று ஒரு வரி இருக்குமே, அதில் நம் 780 முதல் வரி. 50 ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. அதைத் தனியாகக் கூட்டினால் ஒரே பணத்தை இருமுறை எண்ணுகிறோம். ஏழாவது வரியும் எட்டாவது வரியும் ஒரே மாதிரி வார்த்தைகளோடு அடுத்தடுத்து நிற்பதால் இரண்டும் ஒரே வகை என்று தோன்றும். தாள் தயாரித்தவர் அப்படித் தோன்றட்டும் என்றேதான் அடுத்தடுத்து வைத்திருப்பார்.

லாபத்தில் நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை. பங்காதாயம் 130, நிறுவன லாப வரி 80, பகிர்ந்தளிக்காத லாபம் 90. மூன்றையும் கூட்டினால் 300. அதாவது 13-ஆம் வரியின் பிரிவினைதான் 14, 16, 19. முழுமையைக் கொடுத்திருக்கும்போது பகுதிகளை விட்டுவிட வேண்டும். சில தாள்களில் லாபம் என்ற வரியே இருக்காது, இந்த மூன்றும்தான் இருக்கும். அப்போது மூன்றையும் கூட்டியாக வேண்டும். நிறுவன லாப வரி அரசுக்குத்தானே போகிறது என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அது லாபத்திலிருந்து கட்டப்படுவது. முதலில் அது லாபமாக ஈட்டப்பட்டிருக்கிறது. இதே கதைதான் ‘செயல்பாட்டு உபரி’ என்று ஒரு வரி வந்தாலும். அது வாடகை, வட்டி, லாபம் மூன்றின் கூட்டு, இந்தத் தாளின்படி 570. அதைக் கொடுத்துவிட்டு வாடகையையும் வட்டியையும் தனித்தனியாகவும் கொடுத்தால் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

மாற்றுச் செலுத்தல்கள் 55 உற்பத்திக்கு ஈடாகக் கிடைத்தது அல்ல, அதனால் வெளியே. தேசியக் கடன் மீதான வட்டி 30-ம் வெளியே. அரசு நுகர்வுக்காக வாங்கிய கடனுக்குக் கொடுக்கும் வட்டி என்று கருதி அதையும் மாற்றுச் செலுத்தலாகவே பாடப்புத்தகங்கள் வைக்கின்றன. ஒன்பதாவது வரியில் உள்ள 150 உற்பத்தி நிறுவனங்கள் கொடுக்கும் வட்டி. அது மட்டும் உள்ளே.

```
780 + 70 + 120 + 150 + 300 + 280 = 1,700   காரணிச் செலவில் நிகர உள்நாட்டு உற்பத்தி
1,700 + (–20)                    = 1,680   காரணிச் செலவில் நிகர தேசிய உற்பத்தி
```

தேய்மானம், மறைமுக வரி, மானியம் மூன்றுக்கும் இங்கே வேலையில்லை. அட்டவணையில் இருக்கிறதே என்பதற்காக 110-ஐ இங்கேயும் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் கூட்டிய ஐந்து தலைப்பிலும் தேய்மானமும் இல்லை, மறைமுக வரியும் இல்லை. இல்லாததைக் கழிக்க முடியாது.

230-ஆ 280-ஆ?

இதை இரண்டு வழியில் தீர்க்கலாம், இரண்டையும் செய்வது நல்லது.

ஒன்று, கண்ணால். அதே தாளில் அதே அச்சில் சந்தேகமில்லாத 3-களும் 8-களும் இருக்கின்றன: 300, 350 ஒரு பக்கம், 780, 180 இன்னொரு பக்கம். படத்தைப் பெரிதாக்கி இடப்பக்கத்தைப் பாருங்கள். 3 என்றால் இடப்பக்கம் திறந்திருக்கும், 8 என்றால் மூடியிருக்கும்.

இரண்டு, கணக்கால். செலவு முறை காரணிச் செலவில் நிகர உள்நாட்டு உற்பத்தி 1,700 என்கிறது. வருமானப் பக்கத்தில் தெரிந்தவற்றின் கூட்டு 850 + 120 + 150 + 300 = 1,420. மீதி 280.

ஆனால் இந்த இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது, உங்கள் தாளில் அது கச்சிதமாக அமைந்துவிட்டது. பணியாளர் பங்களிப்பு 50-ஐத் தப்பாகக் கூட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தப்போடு இதே கழித்தலைச் செய்தால் தெரிந்தவற்றின் கூட்டு 1,470, மீதி 230 வரும். படத்திலும் 230 போலத் தெரிகிறது, கணக்கும் 230 என்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும் என்று தோன்றிவிடும். அதை வைத்து வருமான முறையை முடித்தால் 1,700, கடைசியில் 1,680, விடையோடும் பொருந்தும். இரண்டு தப்பு ஒன்றையொன்று மறைத்துச் சரியான விடையைக் கொடுத்துவிடும். திருத்துபவர் படிகளைப் பார்த்தால் மதிப்பெண் போகும்.

ஆகவே மங்கலான எண்ணைக் கணக்கால் மீட்பதற்கு முன், எந்த வரி உள்ளே, எந்த வரி வெளியே என்பதை எண்களைப் பார்க்காமலே, பெயர்களை மட்டும் வைத்து முடிவு செய்துவிடுங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இரண்டு முறையும் சமம் என்ற உண்மையை வைத்து ஒரு எண்ணை மீட்டுவிட்டால், அதே சமத்தைக் காட்டி ‘சரிபார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. சமமாக வரத்தான் செய்யும், அப்படித்தானே எண்ணைத் தேர்ந்தெடுத்தோம்! அப்போது கண்ணால் பார்த்த சாட்சி கட்டாயம் வேண்டும்.

பொருந்தாதபோது எங்கே தேடுவது

உங்கள் இரண்டு விடைக்கும் வித்தியாசம் 25. அட்டவணையில் 25 என்று எதுவுமே இல்லை, அதனால் குழம்பியிருப்பீர்கள். இரண்டு பக்கமும் தப்பாக இருந்தால் வித்தியாசம் எதையும் சொல்லாது. இங்கே 95-க்கும் 70-க்கும் இடையே உள்ள எச்சம்தான் அந்த 25. விடை கையில் இருக்கும்போது ஒவ்வொரு முறையையும் தனித்தனியாக விடையோடு ஒப்பிட வேண்டும். செலவு முறை 95 அதிகம் என்று தெரிந்ததும் அட்டவணையில் 95-ஐத் தேடினால் நேராகத் தொடக்கச் சரக்கிருப்பில் போய் நிற்பீர்கள்.

வித்தியாசத்தின் அளவே தப்பின் வகையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வரியை விட்டிருந்தாலோ தேவையில்லாமல் சேர்த்திருந்தாலோ வித்தியாசம் அந்த எண்ணாகவே இருக்கும்: தேய்மானத்தை மறந்தால் 110 அதிகம், மாற்றுச் செலுத்தலைச் சேர்த்தால் 55 அதிகம். குறியை மாற்றிப் போட்டிருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்கு: நிகர காரணி வருமானத்தின் மைனஸ் தொலைந்தால் 40, இறக்குமதியைக் கூட்டிவிட்டால் 450, மானியத்தைக் கழித்துவிட்டால் 120. அதனால் வித்தியாசத்தை அட்டவணையில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அதில் பாதியைத் தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. உங்கள் வருமான முறையில் 70 வந்தது போல. அங்கே இன்னும் ஒரு வேடிக்கை: 70 என்ற எண் ஏழாவது வரியில் இருக்கிறது. அதைப் பார்த்து முதலாளிகளின் பங்களிப்பைச் சேர்த்தது தப்போ என்று அதை நீக்கினால் 1,680 வந்துவிடும், காரணம் முழுக்கப் பிசகாக. எண் பொருந்துவது துப்பு மட்டுமே. அந்த வரியை நீக்கக் கருத்தளவில் காரணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

விடை கொடுக்கப்படாத தாளில், இரண்டு முறைகளையும் கடைசி வரியில் ஒப்பிடாமல், 1,700 வரும் கட்டத்திலேயே, அதாவது காரணிச் செலவில் நிகர உள்நாட்டு உற்பத்தியில், ஒப்பிடுங்கள். உங்களுக்கு அந்தக் கட்டத்தில் செலவு முறையில் 1,795, வருமான முறையில் 1,750 இருந்தது. அங்கே ஒப்பிட்டிருந்தால் ஒவ்வொரு முறையிலும் ஒரு தப்பு மட்டுமே பாக்கி என்ற நிலை, தேடுவது எளிதாகியிருக்கும். அந்தக் கட்டத்துக்குப் பின் வருவது நிகர காரணி வருமானம் ஒன்றுதான், அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சேர்கிறது. அதனால் அதில் செய்யும் தப்பை ஒப்பீடு ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. மைனஸ் 20-ஐ இரண்டு முறையிலும் பிளஸ் 20 என்று படித்தால் இரண்டிலும் அழகாக 1,720 வரும். அந்த ஒரு வரியின் குறியை மட்டும் படத்தில் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வருவது தவிர வேறு வழியில்லை.

ஒர்க்‌ஷீட்டில் இரண்டு முறையும் ஒரு கோடி கூடப் பிசகாமல் பொருந்துவதற்குக் காரணம், எண்கள் அப்படித் தயாரிக்கப்பட்டிருப்பதுதான். உண்மையான தேசியக் கணக்குகளில் செலவுத் தரவும் வருமானத் தரவும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதால் அவை பொருந்துவதில்லை. பல நாடுகள் ‘புள்ளியியல் முரண்பாடு’ என்ற தனி வரியோடே கணக்கை வெளியிடுகின்றன. உங்கள் தாளில் அப்படி ஒரு வரி கொடுக்கப்படாதவரை, மிச்சம் வரும் தொகையைப் புள்ளியியல் முரண்பாடு என்று எழுதித் தப்பிக்க முடியாது.